“தம்பி, எப்படி இருக்கீங்க?” – ஆள் மாறி வரும் வணக்கத்திற்கு என்ன பதில்?



சில ஆண்டுகளுக்கு முன் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் தஞ்சாவூர் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். செப்டம்பர் மாதத் தொடக்கம். வேளாங்கண்ணிக்குப் போகும் காவி உடைக் கூட்டம் நிலையம் முழுவதும் இருந்தது. நான் அன்று அங்கி அணியவில்லை. சாதாரணச் சட்டை, தோளில் ஒரு பை, அவ்வளவுதான். கூட்டத்திலிருந்து அறுபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெரியவர் விலகி வந்தார். என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “தம்பி! எப்படி இருக்கீங்க? எத்தனை நாளாச்சு பார்த்து!” என்றார். கண்ணில் நீர் நிற்கிறது. அவ்வளவு மகிழ்ச்சி.

எனக்கு அவரைத் தெரியவில்லை. ஆனால் குருவாக இருப்பவனுக்கு இது புதிதல்ல. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை பங்கு மாறுகிறோம். ஒவ்வொரு பங்கிலும் சில நூறு குடும்பங்கள். திருமணத்தில் ஆசி பெற்றவர் எங்களை நினைவில் வைத்திருப்பார், எங்களுக்கு அவர் முகம் மறந்திருக்கும். இவரும் பழைய பங்கு மக்களில் ஒருவராக இருப்பார், ‘யார் நீங்கள்’ என்று கேட்டால் மனம் நொந்துபோவார் என்று நினைத்து, “நல்லா இருக்கேங்க, நீங்க எப்படி இருக்கீங்க?” என்று சிரித்தேன்.

நான் செய்த தவறு அந்த ஒரு வாக்கியம்தான்.

அவர் பேசத் தொடங்கினார். மழை, பயிர், முழங்கால் வலி. பிறகு குரலைத் தாழ்த்தி, மகளைப் பற்றிச் சொன்னார். கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்து நான்கு மாதமாகிறது, ஊருக்குத் தெரியாமல் வைத்திருக்கிறோம் என்றார். நான் ஆறுதலாகத் தலையசைத்தேன். கடைசியில், “உங்க சம்சாரம் கிட்டகூட நான் இதைச் சொல்லலை தம்பி” என்றார்.

சிரிக்காதீர்கள், நேயர்களே! எனக்குச் சம்சாரம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நொடியில்தான் இவர் என்னை வேறு யாராகவோ நினைத்திருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. அதற்குள் அவர் வீட்டின் இரகசியம் என் காதில் விழுந்துவிட்டது. இனி எப்படிச் சொல்வது? நான் தடுமாறிக்கொண்டிருந்தபோதே, “நீங்க மாப்பிள்ளை வீட்டுல ஒரு வார்த்தை பேசுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க” என்றார். என் பேருந்து நகரத் தொடங்கியது. நான் “சரிங்க” என்று சொல்லிவிட்டு ஓடி ஏறிவிட்டேன்.

அந்தச் ‘சரிங்க’ என்னுடையது அல்ல. நான் பார்த்தறியாத ஒரு மனிதரின் பெயரால் கொடுத்த வாக்கு அது. பெரியவர் வீட்டுக்குப் போய், தம்பி பேசுவதாகச் சொல்லிவிட்டார் என்று மனைவியிடம் சொல்லியிருப்பார். ஒரு வாரம் காத்திருப்பார், ஒரு மாதம் காத்திருப்பார். அந்தத் தம்பிக்கோ எதுவுமே தெரியாது. அடுத்த முறை அவர்கள் எதிர்ப்படும்போது பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதற்குக் காரணம் நான். எந்த ஊர் என்றுகூடக் கேட்காததால், திருத்தவும் வழியில்லாமல் போயிற்று.

ஆகவே இன்று இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நம்மை வேறொருவர் என்று நினைத்து ஒருவர் அன்போடு ஓடி வந்தால், என்ன சொல்வது?

முதலில், இது ஏன் நடக்கிறது என்று பார்ப்போம். தெரிந்தால் எரிச்சல் வராது. 1985-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த யங், ஹே, எல்லிஸ் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் ஓர் எளிய காரியம் செய்தார்கள். 22 பேரிடம் குறிப்பேடு கொடுத்து, அன்றாட வாழ்வில் ஆளை அடையாளம் காண்பதில் ஏற்படும் ஒவ்வொரு தடுமாற்றத்தையும் எழுதிவைக்கச் சொன்னார்கள். குறிப்புகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. அறியாத ஒருவரை அறிந்தவர் என்று நினைத்துவிடுவதும் அவற்றில் திரும்பத் திரும்ப வந்தது. அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரு வரிசை புலப்பட்டது. ‘தெரிந்த முகம்’ என்ற உணர்வு முதலில் வருகிறது. அவர் யார், என்ன செய்கிறார் என்பது அதன் பிறகு. பெயர் கடைசியில்தான் வருகிறது. பெயர் நாக்கின் நுனியில் நிற்கிறது, வர மாட்டேன் என்கிறது என்று நாமே எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்!

முதல் படியும் இரண்டாம் படியும் தனித்தனி என்பதைக் கவனியுங்கள். அந்தப் பெரியவருக்கு என் முகத்தைக் கண்டதும் முதல் படி மணி அடித்துவிட்டது. யார் என்ற கேள்விக்கு, அவர் மனம் கையில் இருந்த ஆளைக் கொண்டுவந்து பொருத்திவிட்டது. நடை, உயரம், நெற்றி ஏறிய முடி, தோள்பை இவை ஒத்துப்போனால் போதும். யாரையாவது எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது, அல்லது ஒருவரைப் பற்றி நெடுநேரம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, இந்தப் பொருத்தம் இன்னும் விரைவாக நடக்கிறது. மகளின் துயரத்தைச் சுமந்துகொண்டு வேளாங்கண்ணிக்குப் போகிறவர், உதவக்கூடிய அந்த ஒரே மனிதரை நினைத்துக்கொண்டே வந்திருப்பார். கண்ணுக்கு அவரே தெரிந்ததில் வியப்பில்லை.

கண் புரை உள்ளவர்கள் உண்டு. முகங்களையே பிரித்தறிய முடியாத குறை உள்ளவர்களும் உண்டு. நூற்றில் இரண்டு பேருக்கு அந்தக் குறை ஓரளவு இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். நரம்பியல் மருத்துவராகப் பெயர் பெற்ற ஆலிவர் சாக்ஸ் அப்படிப்பட்டவர்தான். எதிரே வந்த தாடிக்காரரிடம் இடித்துவிடப் போனதற்கு மன்னிப்புக் கேட்டதாகவும், பார்த்தால் அது கண்ணாடியில் தெரிந்த தம் உருவம்தான் என்றும் அவரே எழுதியிருக்கிறார். மருத்துவருக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்?

இனி, என்ன சொல்வது என்ற கேள்விக்கு வருகிறேன்.

இதில் உள்ள உண்மையான சிக்கல், அந்த நேரத்தில் நமக்கே விவரம் தெரியாது என்பதுதான். அவர் ஆள் மாறி வந்திருக்கிறாரா, அல்லது நான் அவரை மறந்துவிட்டேனா? இரண்டுக்கும் ஒரே அறிகுறிதான். எதிரில் ஒரு மகிழ்ந்த முகம், நம் மனதில் ஒரு வெற்றிடம். “நீங்க யாரு?” என்று கேட்டால், மறந்துபோனவர் நாம் என்றால் அவருக்கு வலிக்கும். “நீங்க தப்பா நெனச்சிட்டீங்க” என்று சொன்னால் அதைவிட மோசம். உண்மையில் நம் பழைய நண்பராக இருந்துவிட்டால், அந்தச் சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. இதற்குப் பயந்துதான் பலரும் நான் செய்ததுபோலச் சிரித்து மழுப்பிவிடுகிறோம்.

இதற்கு ஒரு வாக்கியம் இருக்கிறது. அவர் யார் என்று கேட்பதற்குப் பதிலாக, நாம் யார் என்று சொல்லிவிடுவது. “வணக்கங்க. நான் இன்னார், இன்ன ஊர். நீங்க என்னைத்தான் தேடுறீங்களா?” பெயர், ஊர், ஒரு கேள்வி. அவ்வளவே. நாம் மறந்துபோன பழைய நண்பர் என்றால், “அட, உங்களைத்தான்! தெரியாமலா கூப்பிட்டேன்? நான் இன்னார்” என்று அவரே தம் பெயரைச் சொல்லிவிடுவார். நாம் மறந்தது வெளியே வராமலே போய்விடும். ஆள் மாறி வந்தவர் என்றால், நம் பெயரைக் கேட்டதும் அவர் முகமே மாறும். “நீங்க தப்பு” என்று நாம் சொல்லவே வேண்டியதில்லை, அவரே கண்டுகொள்வார். தாமே கண்டுகொண்ட தவறுக்கும் பிறர் சுட்டிக்காட்டிய தவறுக்கும் வெட்கத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று நமக்குத் தெரியும்.

பெயரோடு ஊரையும் சொல்லச் சொல்கிறேன். நம் பக்கத்தில் சூசை, ஆரோக்கியம், அந்தோணி என்று ஒரே பெயர் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும். பெயர் தற்செயலாக ஒத்துப்போனால் குழப்பம் இரட்டிப்பாகும். ஊரும் சேர்ந்து ஒத்துப்போவது அரிது. பேரிரைச்சலான இடத்தில் பெயர் காதில் விழாமல் போகவும் கூடும். அவர் கேட்டதாகத் தெரியவில்லை என்றால் தயங்காமல் இன்னொரு முறை சொல்லுங்கள்.

எப்போது சொல்வது? வணக்கம் முடிந்து செய்தி தொடங்குவதற்கு முன். “எப்படி இருக்கீங்க” என்பது வணக்கம். அதற்கு அடுத்த பேச்சு செய்தி. அந்த இடைவெளி மிகச் சிறியது, நான்கைந்து நொடி இருக்கும். அதைத் தவறவிட்டால், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உண்மையைச் சொல்வதன் விலை ஏறிக்கொண்டே போகும். பவுலும் பர்னபாவும் லிஸ்திரா நகரில் பட்ட பாடு திருத்தூதர் பணிகள் 14-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மக்கள் பர்னபாவைச் சேயுசு என்றும், பவுலை எர்மசு என்றும் தங்கள் தெய்வங்களின் பெயரால் அழைக்கிறார்கள். ஆனால் அவர்கள் பேசியது லிக்கவோனியா மொழி. இவர்களுக்கு அது புரிந்திராது என்றே தோன்றுகிறது, ஏனென்றால் உடனே மறுப்பு வரவில்லை. காளைகளும் பூமாலைகளும் வாயிலுக்கு வந்த பிறகுதான் விவரம் தெரிந்து, மேலுடைகளைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் கூட்டத்தைத் தடுப்பது பெரும்பாடாயிற்று. அவர்களுக்காவது மொழி தெரியாது. எனக்குத் தமிழ் தெரியும்!

சரி, அந்த நொடியைத் தவறவிட்டுவிட்டோம், செய்தி பாதி வந்துவிட்டது. அப்போது என்ன செய்வது? திருச்சியில் அந்த ‘உங்க சம்சாரம்’ என்ற சொல் விழுந்தவுடனே நான் பேசியிருக்க வேண்டும். இப்படி: “ஐயா, ஒரு நிமிஷம். மேல சொல்லாதீங்க. நீங்க நினைக்கிற ஆள் நான் இல்லைன்னு இப்பதான் புரியுது. முதல்லயே கேக்காதது என் தப்பு. நீங்க சொன்னது எனக்குள்ளயே இருக்கும்.” இதில் மூன்று காரியம் நடக்கிறது. மேற்கொண்டு அவர் திறப்பதை நிறுத்துகிறோம். குற்றத்தை நம் தலையில் போட்டுக்கொள்கிறோம், உண்மையும் அதுதான், முதல் தவறு அவருடையது என்றாலும் அதை வளர்த்தவர் நாம். பிறகு, சொன்னது வெளியே போகாது என்று உறுதி தருகிறோம். அந்நியரிடம் வீட்டுச் செய்தியைக் கொட்டிவிட்டவருக்கு வரும் முதல் அச்சம் அதுதான். பேருந்து போனால் போகட்டும், தஞ்சாவூருக்குப் பத்து நிமிடத்தில் அடுத்த பேருந்து உண்டு. அன்று எனக்கு அது தோன்றவில்லை.

இதில் எந்த நிலையிலும் கூடாத ஒன்று, வாக்குக் கொடுப்பது. ‘சரி’, ‘பார்க்கலாம்’, ‘சொல்லிடறேன்’ என்ற சொற்களை நாம் மூச்சு விடுவதுபோலச் சொல்லிப் பழகியிருக்கிறோம். வேறொருவர் பெயரில் நிற்கும்போது அவை அவர் தலையில் விழும் கடன். அதுபோலவே பணமோ பொருளோ கடிதமோ நீட்டப்பட்டால், கை நீட்டாதீர்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்துத் திண்டுக்கல்லில் ஒரு திருமண மண்டபத்தில் எனக்கு இன்னொரு வாய்ப்பு வந்தது. அன்றும் சாதாரண உடைதான். பந்தியில் கை கழுவிவிட்டு வரும்போது ஒருவர் முதுகில் ஓங்கித் தட்டி, “டேய் மாப்ள! எப்படா வந்த?” என்றார். இந்த முறை சோறு ஊட்டினாலும் ஏமாறுவதில்லை என்றிருந்தேன். வணக்கம் சொல்லி, என் பெயரையும், இன்ன ஊர்ப் பங்குக் குரு என்பதையும் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. “சாமி, மன்னிச்சிடுங்க சாமி” என்று கையெடுத்துக் கும்பிட்டவர், திரும்பி ஓடப் பார்த்தார்.

இங்கே இன்னொரு வாக்கியம் தேவைப்படுகிறது, நம்மில் பலர் இதை விட்டுவிடுகிறோம். “பரவாயில்லைங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், அவர் அன்று முழுவதும் அந்த அடியையே நினைத்துக்கொண்டு கூசிப்போவார். ஆகவே கையைப் பிடித்து, “யாருன்னு நெனச்சீங்க? அவ்வளவு ஜாடையா?” என்று கேட்டேன். உடனே ஆள் மாறிவிட்டார். அது தம் பள்ளித் தோழன், கோயம்புத்தூரில் மில்லில் வேலை, காது மட்டும் கொஞ்சம் பெரிது, மற்றபடி அச்சு என்றார். அரை மணி நேரம் கழித்து அந்த உண்மையான மாப்பிள்ளையையே கூட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். எனக்கு ஒன்றும் ஒற்றுமை தெரியவில்லை! ஆனால் அவர் மனைவி, “பின்னாடியிருந்து பார்த்தா அப்படியேதான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். “என்னைத் தெரியலையா? யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்று தொடங்கும் தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. குரல் கனிவாக இருக்கும். “ஓ, சென்னையில இருக்கிற பெரியப்பா மகனா?” என்று நாமே கேட்போம். “ஆமா, கரெக்டா சொல்லிட்டீங்களே!” என்பார். பெயரை நாம்தான் கொடுத்தோம் என்பதை மறந்துவிடுவோம். கொஞ்ச நேரத்தில் அவசரத்துக்குப் பணம் என்று முடியும். உண்மையில் ஆள் மாறியவருக்கும் இவருக்கும் வேறுபாடு இதுதான்: உண்மையாகத் தவறியவர் விவரத்தைக் கொட்டுவார், ஏமாற்ற வந்தவர் விவரத்தை நம்மிடமிருந்து பிடுங்குவார். இந்த இடத்தில் மட்டும் நான் மேலே சொன்ன முறையை மாற்றிக்கொள்ளுங்கள். நம் பெயரையும் ஊரையும் முதலில் சொல்லக் கூடாது. “நீங்களே சொல்லுங்க, யாரு பேசுறது?” என்று கேட்டு, அதற்கு நேரான பதில் வரவில்லை என்றால் தொலைபேசியை வைத்துவிடலாம். உறவினராகவே இருந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார், நமக்குத் தெரிந்த அவரது எண்ணுக்கு நாமே திரும்ப அழைத்துக் கேட்டால் போயிற்று.

ஓடும் பேருந்தின் சன்னலிலிருந்து யாரோ கையசைத்தால், ஆராய்ச்சி வேண்டாம். நாமும் கையசைத்துவிடலாம். அங்கே செய்தியும் இல்லை, வாக்கும் இல்லை.

கடைசியாக, பெயரைச் சொல்லித் திருத்தக் கூடாத ஓர் இடமும் உண்டு. நினைவு தேய்ந்துபோன முதியோர். நோயாளருக்கு நற்கருணை கொண்டுபோகும் ஒரு வீட்டில் எண்பத்தேழு வயது அம்மா ஒருவர் இருந்தார். என்னைத் தம் தம்பி என்றே நினைப்பார். அந்தத் தம்பி இறந்து பல வருடம். முதல் நாள் நான் உண்மையைச் சொன்னேன், “நான் சாமியாருங்கம்மா, உங்க தம்பி இல்லை” என்று. “அப்ப அவன் எங்கே?” என்றார். மருமகள் அவசரப்பட்டு, “அவரு செத்துப்போயிட்டாரே அத்தை” என்று சொல்லிவிட்டார். அன்றுதான் செய்தி வந்ததுபோல அந்த அம்மா அழுதார். மறு வாரம் அது அவருக்கு நினைவில்லை, மறுபடியும் “தம்பி வந்துட்டியா” என்றார். மறுபடியும் சொன்னால் மறுபடியும் ஓர் இழவு.

அதற்காக “ஆமா அக்கா, நான்தான்” என்று நடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. திருச்சி அனுபவம் அப்படி. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தது, அதை அந்த வீட்டின் பேத்தி கற்றுக்கொடுத்தாள். தம்பி இருக்கிறானா இல்லையா என்ற பேச்சுக்கே போகாமல், தம்பியைப் பற்றிக் கேட்பது. “உங்க தம்பின்னா உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமாம்மா? சின்ன வயசுல என்ன செய்வான்?” என்று கேட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் கிணற்றடி மரத்தில் ஏறிப் புளியங்காய் பறித்து இடுப்பு வேட்டியில் கட்டிக்கொண்டு இறங்கியதையும், வேட்டி அவிழ்ந்து விழுந்ததையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வாராவாரம் அதே கதைதான். மரத்தின் உயரம் மட்டும் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடிக்கொண்டே போயிற்று.